காய்ச்சல் கப்சூல் பெட்டியும் அந்த 48 மணித்தியாலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக நிற்கிறேன். மாரி தொடங்கினால் இன்புளுவன்சாக் காய்ச்சலுக்கான ஒசெல்டமிவிர் கப்சூல் பெட்டியோடும் வைத்தியரின் துண்டோடும் வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கவுண்டரில் நின்று சொல்ல நேரம் போதாத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். யாருக்கு இந்த மருந்து வேண்டும் என்று தீர்மானிப்பது வைத்தியர். கையில் கிடைத்த பிறகு அதை வீணாக்காமல் பாவிப்பது பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

"48 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும் எண்டு போட்டிருக்கு. எப்ப இருந்து எண்ணுறது?"

உடம்பு முதன்முதலில் "சரியில்லை" என்று காட்டிய நேரத்திலிருந்து. இதிலேதான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். வைத்தியரைப் பார்த்த நேரத்திலிருந்தோ, பெட்டி வாங்கிய நேரத்திலிருந்தோ எண்ணுகிறார்கள். இன்னும் பலர் தேர்மோமீட்டரில் 101 காட்டிய நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள்.

இன்புளுவன்சா சாதாரணத் தடிமன் போல மெதுவாக வருவதில்லை. அனேகமாக ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வந்து விழுத்தும். நன்றாக இருந்தவர் திடீரென்று குளிருது என்பார், கை கால் உளையும், தலை இடிக்கும், தொண்டை கரகரக்கும். காய்ச்சல் அதற்கு முன்போ பின்போ ஏறலாம். அதனால் நான் "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று கேட்பதில்லை. "கடைசியா எப்ப முழுசா சுகமா இருந்தீங்க?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு ஆட்கள் சரியாகப் பதில் சொல்லுவார்கள். "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகேக்க நல்லா இருந்தன், வந்து சாப்பிட மனமில்லை" என்று ஒருவர் சொன்னால், வெள்ளி பகல் 2 மணி என்று துண்டின் மூலையில் எழுதிவிடுவேன். கணக்கு அங்கே தொடங்குகிறது.

இன்னொரு விஷயம். "ரெண்டு நாள்" என்று வாயால் எண்ணினால் ஏமாந்துபோவோம். சனிக்கிழமை காலை தொடங்கியது, இன்று திங்கள், அப்போ ரெண்டு நாள்தானே என்பார்கள். திங்கள் இரவு 9 மணி என்றால் அது ஏற்கெனவே 60 மணித்தியாலத்துக்கு மேல். நாளால் எண்ணாமல் மணியால் எண்ணுங்கள்.

"ஒரு உதாரணம் சொல்லுங்கோ, நான் சரியா எண்ணுறனா எண்டு பாக்க."

போன மாரியில் நடந்தது. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், நாற்பது வயதிருக்கும், ஆஸ்துமாக்காரர். திங்கட்கிழமை பின்னேரம் 5 மணிக்கு வைத்தியரின் துண்டோடு வந்தார். 75 மில்லிகிராம் கப்சூல் 10, காலை ஒன்று இரவு ஒன்று, 5 நாள். "எப்ப தொடங்கினது அக்கா?" என்றேன். "நேற்று இரவுதான் தம்பி, 102 காட்டினது" என்றார். அப்படிப் பார்த்தால் 20 மணித்தியாலம்கூட ஆகவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு 9 மணிபோலத் தொடங்குகிறேன் என்று உறையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

முழுசாகச் சுகமாக இருந்தது எப்போது என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். சனிக்கிழமை பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது குளிர் பிடித்ததாம். ஐஸ் தண்ணிக்குள் கை வைத்த குளிர் என்று நினைத்தாராம். வீட்டுக்கு வந்ததும் நாரி உளைவு, போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். நேரம் இரவு 7 மணி இருக்கும், ஏனென்றால் மகன் டியூஷனால் வந்த நேரம் அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சனி இரவு 7 இலிருந்து திங்கள் இரவு 7 வரை 48. கவுண்டரில் நிற்கும்போது 46 ஆகிவிட்டது. இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் 50. ஆஸ்துமா இருக்கிறபடியால் 50 என்றாலும் வைத்தியர் கொடுக்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மருந்து கையிலிருக்கும்போது நாலு மணித்தியாலத்தைச் சும்மா விடுவானேன்? பக்கத்துக் கடையில் ஒரு பணிஸ் வாங்கிச் சாப்பிடச் சொன்னேன். ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தேன். 5 மணி 10 நிமிடத்துக்கு, முதலாவது கப்சூலைக் கடையிலேயே போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அடுத்தது செவ்வாய் காலை 5 மணி. அவர் எப்படியும் அந்நேரம் எழும்புகிறவர், அதனால் சிரமமில்லை. பிறகு காலை 5, பின்னேரம் 5 என்று போய், பத்தாவது கப்சூல் சனிக்கிழமை காலை 5 மணிக்கு முடிந்தது. திங்கள் ஒன்று, செவ்வாய் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டாக எட்டு, சனி ஒன்று. இந்தப் பட்டியலை உறைக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தேன். உங்கள் கணக்கையும் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

"48 தாண்டினா கப்சூல் வேலை செய்யாதா? அப்பிடி என்ன கணக்கு அது?"

வைரஸ் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். இன்புளுவன்சா வைரஸ் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஒரு கலத்துக்குள் நுழைந்து, அந்தக் கலத்தைக் கொண்டே தன்னைப் படியெடுக்கிறது. சில மணித்தியாலங்களில் புதிய வைரஸ்கள் கலத்தின் மேற்பரப்பில் முளைக்கின்றன. ஆனால் அவை உடனே கிளம்ப முடியாது. கலத்தின் மேலே உள்ள ஒருவகைச் சர்க்கரை அவற்றைப் பிடித்துவைத்திருக்கும். கரையில் கயிற்றால் கட்டிய தோணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கயிற்றை வெட்டுவதற்கு வைரஸிடம் ஒரு கத்தி இருக்கிறது. நியூராமினிடேஸ் என்ற நொதியம் அது. கப்சூலில் உள்ள ஒசெல்டமிவிர் ஈரலில் மாற்றமடைந்து, அந்தக் கத்தியின் வாயில் போய் இறுகிக்கொள்கிறது. கயிறு அறுபடாது. தோணி கட்டிய இடத்திலேயே நிற்கும். அடுத்த கலத்துக்குப் பரவ முடியாது.

இப்போது கவனியுங்கள். இந்த மருந்து ஏற்கெனவே கிளம்பிப் போன வைரஸைக் கொல்வதில்லை. புண்ணான கலத்தைச் சுகப்படுத்துவதுமில்லை. காய்ச்சலும் உளைவும் பெரும்பாலும் நம் உடம்பு எதிர்த்துச் சண்டை பிடிப்பதால் வருபவை. அவற்றை நேரடியாக இறக்குவதும் இதன் வேலை இல்லை. புதிய தோணிகளை மறிப்பது மட்டும்தான் வேலை. சாதாரணமாகச் சுகதேகியான ஒருவரின் உடம்பில் வைரஸ் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். உச்சி தாண்டிய பிறகு மறிக்கப் போனால் மறிப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

48 என்பது கதவு சாத்துகிற நேரம் மாதிரி இல்லை. 47 இல் முழுப் பலன், 49 இல் ஒன்றுமில்லை என்று உடம்பு நடந்துகொள்ளாது. தொடக்க மணியிலிருந்தே பலன் சரிந்துகொண்டு போகிறது. இதை நேரடியாகப் பார்த்த ஓர் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. காய்ச்சல் தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் தொடங்கியவர்களுக்கு, 48 ஆவது மணியில் தொடங்கியவர்களைவிட நோய் ஏறத்தாழ 3 நாள் குறைவாக இருந்தது. அது வெற்றுக் கப்சூலோடு ஒப்பிடாத ஆய்வு, அதனால் அந்த 3 நாளை அப்படியே நம்பிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெளிவு. பெட்டிக்குள் 48 என்று எழுதியதற்குக் காரணம், மருந்துக்கு அனுமதி கேட்டுச் செய்த ஆய்வுகள் நோய் தொடங்கி முதல் இரண்டு நாளுக்குள் வந்தவர்களை வைத்தே செய்யப்பட்டன என்பதுதான். அதற்குள் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்று அவர்களிடம் கணக்கு இருந்தது.

நேரத்துக்குத் தொடங்கினாலும் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. 2014 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்களுக்கு நோய் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது. அதாவது ஒரு நாளுக்கும் குறைவு. வேறு வருத்தம் இல்லாத இளம் ஆளுக்கு இதற்காக ஓடித் திரிய வேண்டியதில்லை. ஓய்வு, நீராகாரம், பரசிட்டமோல் போதும் என்று பல வைத்தியர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

"மூண்டு நாள் போட்டுது. இனி வாங்கிப் பிரயோசனம் இருக்கோ?"

அது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. முப்பது வயது, வேறு நோயில்லை, காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது என்றால், பெரும்பாலும் இல்லை. காசும் வயிற்றுப் பிரட்டலும்தான் மிச்சம்.

ஆனால் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று இரண்டு கிழமைக்குள் இருப்பவர்கள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், சின்னக் குழந்தைகள் என்றால் "நேரம் போட்டுது" என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். இவர்கள் உடம்பில் வைரஸ் கூட நாள் பெருகிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்குகிறவர்களுக்கும், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களுக்கும் 48 தாண்டினாலும் கொடுக்கிறார்கள். 2009 பெருந்தொற்றின்போது பல நாடுகளில் வைத்தியசாலையில் இருந்த 29,000 க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பிந்தித் தொடங்கியவர்களோடு ஒப்பிட, இரண்டு நாளுக்குள் தொடங்கியவர்களில் மரண அபாயம் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு நாள் தாமதத்தோடும் அபாயம் ஏறியது. பிந்தினால் பலன் குறையும். அதற்காக ஆபத்தில் இருப்பவரை மருந்தில்லாமல் விடுவதில்லை.

எந்த வயதானாலும், எத்தனையாவது மணியானாலும், மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, உதடு நீலம், மாறாட்டமான பேச்சு, பிள்ளை தண்ணி குடிக்க மாட்டேன் என்பது, அல்லது காய்ச்சல் விட்டுச் சுகமாகி வந்த பிறகு திரும்ப உக்கிரமாக ஏறுவது என்று ஏதாவது கண்டால் பாமசிக்கு வரவேண்டாம். 1990 க்கு அடித்து அம்புலன்ஸை எடுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

"மூண்டாம் நாள் ரத்தம் சோதிச்சுப் பாத்திட்டு மருந்து எடுப்பமே? டெங்கு எண்டா?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதவேண்டும். எங்கள் ஊரில் அந்த 48 மணித்தியாலத்தைத் தின்பது இந்தப் பழக்கம்தான்.

டெங்கு நமக்கு ஒரு நல்ல பாடத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும், மூன்றாம் நாள் எஃப்பிசி. முதல் நாளே இரத்தம் பார்த்தால் பிளேட்லெட் எல்லாம் சரியாக இருக்கும், ஏமாந்துபோவோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மூன்று நாள் பொறுக்கிறோம். டெங்குக்கு அது சரி. ஆனால் வந்திருப்பது இன்புளுவன்சா என்றால் அந்த மூன்றாம் நாள் வரும்போது 48 முடிந்திருக்கும். வடகீழ்ப் பருவ மழைக்கு நுளம்பும் பெருகுகிறது, இன்புளுவன்சாவும் அதே மாதங்களில் ஏறுகிறது. இரண்டும் ஒரே வீதியில், சிலவேளை ஒரே வீட்டில்.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 68 வயது, நீரிழிவு. ஒரு மார்கழியில் காய்ச்சல் வந்தது. லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் அப்போது இரண்டு பேருக்கு டெங்கு. நானும் அதையே நினைத்தேன். பரசிட்டமோல் கொடுத்தேன், இளநீர் கொடுத்தேன், மூன்றாம் நாள் எஃப்பிசி எடுத்தேன். பிளேட்லெட் நன்றாக இருந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். முதல் நாளிலிருந்தே அவருக்கு வறட்டு இருமல் இருந்தது, தொண்டை நோகுது என்றும் சொன்னார். நான் அதைக் காதில் போடவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியசாலையில் நிமோனியா என்றார்கள். அங்கேதான் கப்சூலும் தொடங்கினார்கள். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் நிமோனியா வந்திராது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாளே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், மருந்தாளரான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். மேலே சொன்ன ஆபத்துள்ள ஆள் என்றால், காய்ச்சலோடு இருமலோ தொண்டை நோவோ மூக்கால் ஒழுகுவதோ இருந்தால், முதல் நாளே வைத்தியரைப் பாருங்கள். டெங்கில் இருமலும் மூக்கொழுகலும் பொதுவாகப் பெரிதாக இருக்காது, ஆனால் இதை மட்டும் வைத்து வீட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்க்கும் உடனடிச் சோதனை கிடைத்தால் நல்லது. ஆனால் அதில் "இல்லை" என்று வந்தாலும் இன்புளுவன்சா இருக்கலாம். சந்தேகம் பலமாக இருந்தால், ஆபத்துள்ளவருக்கு முடிவு வரும்வரை காத்திராமல் வைத்தியர் தொடங்கச் சொல்லுவார். கப்சூல் தொடங்கிவிட்டோம் என்று எஃப்பிசியை விட்டுவிடவும் வேண்டாம். மூன்றாம் நாள் வழமைபோல எடுங்கள். ஒசெல்டமிவிர் டெங்குக்கு ஒன்றும் செய்யாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், அஸ்பிரின் ஒன்றும் தொட வேண்டாம்.

"பெட்டியில வேற திகதியும் கிடக்கு. எதைப் பாக்கிறது?"

பெட்டியின் ஓரத்திலும் அட்டையின் நுனியிலும் அச்சடித்திருப்பது காலாவதித் திகதி. அது கப்சூலின் ஆயுள். 48 மணித்தியாலம் என்பது உங்கள் நோயின் மணிக்கூடு. அது பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில்தான் இருக்கும். "இன்னும் ஒரு வருசம் இருக்குதே, ஆறுதலாப் போடுவம்" என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இதில் எங்கள் தொழிலிலும் ஒரு குறை இருக்கிறது. பெட்டியை உடைத்து அட்டையை மட்டும் உறைக்குள் போட்டு, "1 வீதம் 2 நேரம்" என்று எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் தாள் கடை லாச்சிக்குள்ளேயே கிடக்கும். அட்டையை வெட்டிக் கொடுத்தால் திகதி இருக்கிற நுனியும் போய்விடும். தாளைக் கேளுங்கள். அது இல்லையென்றால், முதல் கப்சூல் எத்தனை மணிக்கு முன் என்று உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த மருந்தாளரும் மறுக்க மாட்டார்.

"பெயர் ஒவ்வொரு பெட்டியிலும் வேற வேறயா இருக்கு. எது சரியான மருந்து எண்டு எப்பிடித் தெரியும்?"

பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். முதலில் வந்தது டமிஃப்ளூ, இப்போது பல கம்பனிகள் பல பெயரில் செய்கின்றன. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். ஒசெல்டமிவிர் என்று இருக்கவேண்டும், பக்கத்தில் 75, 45 அல்லது 30 மில்லிகிராம். மேலே சொன்ன கத்தியைப் பிடிக்கும் மருந்துகள் எல்லாம் "அமிவிர்" என்று முடியும். சனமிவிர் மூச்சால் இழுப்பது, பெரமிவிர் நரம்பில் ஏற்றுவது. வெறும் "விர்" என்று முடிந்தால் போதாது. அசிக்ளோவிர் அக்கிக்கும் கொப்புளிப்பானுக்கும் கொடுப்பது, இன்புளுவன்சாவுக்கு உதவாது.

இன்னொரு குழப்பம், பெயரில் "ஃப்ளூ" என்று வரும் தடிமன் குளிசைகள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பரசிட்டமோலும் மூக்கொழுகலுக்கான மருந்தும். துண்டில்லாமல் வாங்கலாம், உளைவும் குறையும். ஆனால் வைரஸை மறிக்காது. அதை இரண்டு நாள் போட்டுவிட்டு "ஃப்ளூ மருந்து கேக்கேல்லை" என்று வருகிறவர்களுக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதோடு தனியாகப் பரசிட்டமோலும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அதையும் கவனியுங்கள்.

"அன்னாசிப்பூவிலதானே இந்த மருந்தைச் செய்யினம்? அதை அவிச்சுக் குடிச்சா என்ன?"

பாதி உண்மை. புரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து ஷிகிமிக் அமிலம் என்ற பொருளை எடுத்து, பல இரசாயனப் படிகளுக்குப் பிறகுதான் ஒசெல்டமிவிர் வருகிறது. அமிலம் வேறு, மருந்து வேறு. அவித்த தண்ணியில் மருந்து இல்லை. கொத்தமல்லித் தண்ணி தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள், கப்சூலோடு சேர்த்தே குடிக்கலாம்.

"ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுட்டுது. மிச்சக் கப்சூலை எடுத்து வைக்கட்டோ?"

வேண்டாம், பத்தையும் முடியுங்கள். காய்ச்சல் விட்டாலும் வைரஸ் முழுதாகப் போயிருக்காது. மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்காதபடியால்தான் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறார்கள். இடையில் நிறுத்தினால் கத்தி மறுபடி வெட்டத் தொடங்கலாம், மருந்துக்கு அடங்காத வைரஸ் மிஞ்சவும் வழியுண்டு.

ஒரு வேளை மறந்துபோனால், நினைவு வந்த உடனே போடுங்கள். அடுத்த வேளைக்கு 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டை ஒன்றாகப் போட வேண்டாம். குமட்டலும் சத்தியும் இதன் வழமையான தொல்லை, முதல் இரண்டு வேளையில்தான் கூட. சாப்பாட்டோடு போட்டால் பலருக்குக் குறையும். வெறும் வயிற்றில் போட்டுச் சத்தி எடுத்து, "ஒத்துக்கொள்ளேல்லை" என்று நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு ஒரு துண்டு பாண் போதுமாக இருந்திருக்கும். அரிதாக, முக்கியமாகப் பிள்ளைகளிடம், மாறாட்டமும் விசித்திரமான நடத்தையும் கண்டதாகப் பதிவுகள் உண்டு. அது காய்ச்சலாலும் வரலாம். எதுவானாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

"வீட்டில நாலு பேர். ஒரு பெட்டியைப் பிரிச்சுப் போட்டா என்ன?"

பத்துக் கப்சூலை நாலு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு இரண்டரை. ஒருவருக்கும் வைத்தியம் நடக்காது.

நோய் வராதவருக்குத் தடுப்பாகக் கொடுப்பதும் உண்டு. அதற்கு வேறு மணிக்கூடு. நோயாளியோடு நெருங்கிப் பழகியதிலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, வளர்ந்தவருக்கு நாளுக்கு ஒரு 75 மில்லிகிராம் கப்சூல், 10 நாள். அதாவது ஒருவருக்கே ஒரு முழுப் பெட்டி. எல்லோருக்கும் இது தேவையில்லை. வீட்டில் ஒரு கர்ப்பிணியோ, டயலிசிஸ் செய்யும் ஆளோ இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். தடுப்பு அளவில் இருக்கும்போதே அவருக்குக் காய்ச்சல் தொடங்கினால் அந்த ஒரு வேளை போதாது. அன்றைக்கே சொல்லுங்கள், அளவை மாற்றவேண்டும்.

"பிள்ளைக்கு என்ர கப்சூலில பாதி குடுக்கலாமோ? அம்மாவுக்குக் கிட்னி வருத்தம், அவவுக்கும் இதே அளவோ?"

இரண்டுக்கும் கண் அளவில் பாதி பண்ண வேண்டாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அளவு நிறையைப் பொறுத்தது. 15 கிலோ வரை 30 மில்லிகிராம், அதற்கு மேல் 23 கிலோ வரை 45, 40 கிலோ வரை 60, அதற்கு மேல் 75. எல்லாம் நாளுக்கு இரண்டு வேளை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வைத்தியர் தனியாகக் கணக்குப் போடுவார். துண்டோடு வரும்போது பிள்ளையின் நிறையையும் கொண்டுவாருங்கள், கிளினிக் புத்தகத்தில் இருக்கும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்குச் சரியான அளவுக் கப்சூலைத் திறந்து, தூளை ஒரு தேக்கரண்டி சீனிப்பாகில் கலந்து முழுவதையும் கொடுக்கலாம். தூள் நல்ல கசப்பு, வெறும் தண்ணியில் கலந்தால் துப்பிவிடும்.

அம்மாவின் விஷயத்தில், மருந்து சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனம் என்றால் மருந்து தேங்கும், அதனால் அளவு குறைக்கவேண்டும். கடைசியாக எடுத்த கிரியட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் தேட நேரமெடுக்கும் என்றால் அதன் படத்தை ஃபோனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்த பிறகு அலுமாரியைக் கிளறினால் அங்கேயே சில மணித்தியாலம் போய்விடும்.